கார்டு மெஷின், பேமென்ட் கேட்வே வைத்துத் தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்கும் அழைப்புகள்: கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

“வங்கியின் சார்பில் பேசுகிறோம், உங்கள் கடைக்கு ஸ்வைப்பிங் மெஷின் அனுமதியாகியிருக்கிறது, திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 2,500 ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்று ஒருவர் போன் செய்கிறார். இது மோசடிதானா?”

நீங்கள் எந்த வங்கியிலும் விண்ணப்பிக்காமல் இருக்கும்போது “அனுமதியாகிவிட்டது” என்று ஒருவர் சொன்னால், மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இல்லாமல் அனுமதி இல்லை. ஆனால், டெபாசிட் கேட்டார் என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. உண்மையான நிறுவனங்களிலும் சில, மெஷினுக்கு நிறுவல் கட்டணமோ முன்பணமோ வாங்குகின்றன. ஆகவே எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைவிட, அந்தப் பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதையும், பணம் கேட்பதற்கு முன்பு உங்கள் கடையைப் பற்றி அவர்கள் எதையெல்லாம் சரிபார்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தனிநபர் ஒருவரின் யுபிஐ முகவரிக்கோ கைப்பேசி எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால், வேறு எதையும் ஆராயாமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.

“அப்படியானால் உண்மையான மெஷின் எப்படித்தான் கடைக்கு வந்து சேரும்?”

கார்டு மெஷின் என்பது வெறும் கருவி அன்று. உங்கள் வாடிக்கையாளரின் கார்டிலிருந்து எடுக்கும் பணத்தை உங்கள் கணக்கில் சேர்க்கும் பொறுப்பை ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற, பேமென்ட் அக்ரிகேட்டர் எனப்படும் கட்டணத் திரட்டு நிறுவனமோ ஏற்றுக்கொள்கிறது. நாளை நீங்கள் பொருள் தராமல் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கார்டுக்காரருக்குப் பதில் சொல்லும் சுமை முதலில் அந்த வங்கியின் மேல்தான் விழும். அதனால் மெஷின் தருவதற்கு முன்பு, அவர்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அவசரப்படுவார்கள். உங்கள் பணத்துக்கு அவசரப்பட மாட்டார்கள்.

முதலில் விண்ணப்பப் படிவமும் வணிகர் ஒப்பந்தமும் வரும். பான் அட்டை, முகவரிச் சான்று, கடைக்கான ஜிஎஸ்டி பதிவு அல்லது உத்யம் சான்று போன்ற ஏதாவது ஓர் ஆவணம், உங்கள் பெயரோ கடையின் பெயரோ அச்சிட்ட ரத்து செய்த காசோலை ஆகியவற்றைக் கேட்பார்கள். பெரும்பாலும் ஒருவர் நேரில் வந்து பெயர்ப்பலகையோடு கடையைப் படம் எடுப்பார். சில நிறுவனங்கள் இதைச் செயலி வழியாக உங்களையே எடுக்கச் சொல்லும். இவை சரிபார்க்கப்பட்ட பிறகுதான் கடைக்கு மெர்ச்சன்ட் ஐடி என்ற எண்ணும், மெஷினுக்கு டெர்மினல் ஐடி என்ற எண்ணும் உருவாகும். அந்த எண்கள் உங்கள் வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்ட பின்னரே மெஷின் கடைக்கு வரும்.

இதில் கடைக்காரர்களைக் குழப்பும் உண்மை ஒன்று உண்டு. வங்கிகள் இந்த விற்பனை வேலையைப் பெரும்பாலும் வெளி முகமைகளிடம் விட்டிருக்கின்றன. முகமையின் ஊழியர் தன் சொந்தக் கைப்பேசியிலிருந்தே உங்களை அழைப்பார். விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருந்தாலும், சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்பதற்காக அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முகமை ஊழியருக்குக் கட்டணத்தைத் தன் கையிலோ தன் கணக்கிலோ வாங்கும் உரிமை இல்லை. அவருடைய வேலை படிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

“வாடகை, நிறுவல் கட்டணம் எல்லாம் உண்மையிலேயே உண்டா? அவற்றை எப்படி வாங்குவார்கள்?”

உண்டு. மெஷினுக்கு மாத வாடகை, சில இடங்களில் நிறுவல் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வாங்குவது வழக்கம்தான். வாடகையை உங்கள் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிப்பார்கள், அல்லது உங்கள் விற்பனைப் பணத்தைச் செலுத்தும்போது கழித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை இருந்தால், நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ இணையதளத்திலோ நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே கட்டச் சொல்வார்கள். வரி விலைப்பட்டியலும் வரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். திருப்பித் தர வேண்டிய பாதுகாப்பு டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது விற்பனைக்கோ சேவைக்கோ கொடுக்கும் விலை அன்று. கட்டணத்தில் கழித்துக்கொள்ளும்போதுதான் அது வரிக்குள் வரும். “2,500 டெபாசிட், அதன் மேல் ஜிஎஸ்டி 450, மொத்தம் 2,950” என்று ஒருவர் ரசீது அனுப்பினால், அதைத் தயாரித்தவருக்கு டெபாசிட்டும் தெரியாது, வரியும் தெரியாது என்று பொருள்.

ஒவ்வொரு விற்பனைத் தொகையிலும் பிடித்துக்கொள்ளும் கழிவின் விகிதம் பற்றிய வாக்குறுதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் வணிகரிடம் எம்டிஆர் எனப்படும் இந்தக் கழிவை வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நாட்டின் விதி. அதைத் தங்கள் சலுகையாகச் சொல்பவர் உங்களுக்கு எதையும் தரவில்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகரிடம் மெஷினில் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்தது. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. அந்தக் கழிவின் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. ஆகவே “கிரெடிட் கார்டுக்கும் என்றென்றும் பூஜ்யம் சதவீதம்” என்று சொல்பவர், தன் கையிலிருந்து யாருக்கோ பணம் கட்டப்போவதாகச் சொல்கிறார். அதை நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

“2,500 தானே, போனால் போகட்டும் என்று கட்டிப் பார்க்கலாமா?”

அந்த முதல் தொகை சிறியதாக இருப்பது தற்செயலாக அன்று. நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு பாத்திரக்கடை உரிமையாளர் 2,950 ரூபாயை ஒரு யுபிஐ முகவரிக்கு அனுப்புகிறார். சில நிமிடங்களில் வாட்ஸ்அப்பில் வங்கிச் சின்னத்தோடு ரசீது வருகிறது, மனம் அமைதியடைகிறது. மறுநாள் மெஷினைப் பெட்டியில் வைத்து எடுத்த படமும் ஒரு கூரியர் எண்ணும் வருகின்றன. கூடவே, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய 5,000, வரி 900, ஆக 5,900 ரூபாய் கட்ட வேண்டும் என்று செய்தி. கட்டுகிறார். அடுத்த நாள், மெஷின் சென்னைக் கிடங்கில் நிற்பதாகவும், அதற்கு இன்சூரன்ஸ் செய்தால்தான் வெளியே வரும் என்றும், அந்த 8,850 ரூபாய் முதல் விற்பனையோடு முழுவதும் திரும்பிவிடும் என்றும் சொல்கிறார்கள். அதையும் கட்டுகிறார். இதுவரை 17,700 ரூபாய் போயிருக்கிறது.

இதற்குப் பிறகுதான் கொடுமையான கட்டம். “நீங்கள் அனுப்பிய தொகை கணினியில் பதிவாகவில்லை, அதே தொகையை இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்” என்கிறார்கள். இழந்ததை மீட்க வேண்டும் என்ற தவிப்பில் அவர் மறுபடியும் 8,850 அனுப்புகிறார். மொத்தம் 26,550. ஏமாந்தவரின் அறிவுக்குறைவு இது என்று பேசுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு தொகையும், அதற்கு முன்பு கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையைப் பிடித்தே கேட்கப்படுகிறது. நல்ல கணக்குத் தெரிந்த வியாபாரியும் அந்தக் கவலையில் சிக்குவார்.

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. யுபிஐயில் பின் எண்ணை இடுவதற்கு முன்பு, பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் பெயர் வந்திருக்கும். ஒரு முறைகூட வங்கியின் பெயர் வந்திருக்காது. “அவர் எங்கள் கணக்காளர்”, “அது எங்கள் மண்டல மேலாளர் கணக்கு” என்று அதற்கு விளக்கம் தருவார்கள். எந்த வங்கியும் தன் கட்டணத்தைக் கணக்காளரின் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை.

“ஊழியர் அடையாள அட்டை, ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதம், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாரே?”

வாட்ஸ்அப்பில் வந்த படம் எதையும் நிரூபிக்காது. அடையாள அட்டையை யாரும் அச்சிடலாம். ரிசர்வ் வங்கி எந்தக் கடைக்காரருக்கும் மெஷின் அனுமதிக் கடிதம் எழுதுவதில்லை. அது வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான் அங்கீகாரம் தருகிறது. ஆகவே உங்கள் கடைப் பெயரைப் போட்டு, ரிசர்வ் வங்கிச் சின்னத்தோடு வந்த கடிதமே மோசடிக்குச் சான்று.

ஜிஎஸ்டி எண்ணை மட்டும் நீங்களே சரிபார்க்க முடியும். gst.gov.in தளத்தில், உள்நுழையாமலேயே, வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த 15 எழுத்தெண்ணை இட்டால் சட்டப்பூர்வப் பெயர் வரும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆனால் எண் உண்மையாக இருந்துவிட்டால் போதாது. மோசடிக்காரர் உண்மையான நிறுவனத்தின் எண்ணையே எடுத்து ரசீதில் போட்டிருக்கலாம். அங்கே வரும் பெயரும், நீங்கள் பணம் அனுப்ப வேண்டிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான் சோதனை.

கட்டணத் திரட்டு நிறுவனம் என்றால் rbi.org.in தளத்தில் அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியல் இருக்கிறது. விளம்பரத்தில் காணும் பெயர் ஒன்றாகவும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறாகவும் இருப்பது இயல்பு. இணையதளத்தின் அடியில் உள்ள பதிவுப் பெயரைக் கொண்டு தேடுங்கள். பிறகு, அழைத்தவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலோ உங்கள் வங்கிக் கிளையிலோ எண்ணைப் பெற்று நீங்களே அழையுங்கள். தேடுபொறியில் முதலில் தோன்றும் வாடிக்கையாளர் சேவை எண்ணை நம்ப வேண்டாம். அங்கும் பொய் எண்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன.

“கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பச் சொல்கிறார், ஓர் ஆப்பையும் இறக்கச் சொல்கிறார்.”

உண்மையான நிறுவனமும் ஒரு ரூபாய்ச் சோதனை செய்யும். ஆனால் அவர்கள்தான் உங்கள் கணக்குக்கு அந்த ஒரு ரூபாயை அனுப்பி, பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பணம் செல்லும் திசை தலைகீழாக இருந்தால் சோதனையின் நோக்கமும் வேறு. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் .apk என்ற செயலிக் கோப்பை நிறுவவே கூடாது. அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபி எண்களை அனுப்பிவிடக்கூடும். AnyDesk, TeamViewer போன்றவை தம்மளவில் நேர்மையான செயலிகளே என்றாலும், அவற்றின் எண்ணைச் சொன்ன நொடியில் உங்கள் திரை அடுத்தவர் கண்முன் வந்துவிடும். மெஷின் பதிவுக்கு உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

“பணம் எதுவும் வேண்டாம், ஆவணங்களை மட்டும் அனுப்புங்கள் என்றால் பயமில்லையே?”

என் கணிப்பில் இது டெபாசிட் மோசடியைவிட ஆபத்தானது. டெபாசிட்டில் போவது கட்டிய தொகை. ஆவணத்தில் போவது உங்கள் பெயர். உங்கள் பான், ஆதார், கடைப் படம் ஆகியவற்றை வைத்து உங்கள் கடையின் பெயரில் வேறொருவர் வணிகர் கணக்கு தொடங்க முயலலாம். திருடிய கார்டுகளின் பணமும் சூதாட்டப் பணமும் அதன் வழியே ஓடினால், காவல்துறையின் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இதன் இன்னொரு வடிவமும் உண்டு. “மெஷின் உங்கள் பெயரில் இருக்கட்டும், எங்கள் ஆட்கள் வந்து ஸ்வைப் செய்வார்கள், வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், உங்களுக்கு இரண்டு சதவீதம்” என்பார்கள். பொருள் விற்காமல் கார்டு தேய்ப்பதே வணிகர் ஒப்பந்தத்தை மீறுவது. அந்தப் பணம் குற்றத்தில் வந்தது என்று தெரிந்தால் கணக்கு முடக்கப்படும். கடையின் அன்றாடச் சரக்குப் பணமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

ஆவணம் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே நிறுவனத்தின் பெயர், நோக்கம், தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

“இணையத்தில் விற்கிறேன். பேமென்ட் கேட்வே அமைத்துத் தர 15,000 கேட்கிறார்கள். வேலை நடந்ததைத் திரையில் காட்டுகிறார்கள்.”

இணையதளத்தில் வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் சேவைதான் பேமென்ட் கேட்வே. அதைத் தரும் முன்னணி நிறுவனங்கள் பலவற்றில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும்தான் கழிவு எடுக்கிறார்கள். இணையதளத்தில் அதைப் பொருத்தித் தருபவருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் அது டெபாசிட் அன்று, கேட்வே நிறுவனத்தின் கட்டணமும் அன்று.

திரையில் காட்டுவதில் ஓர் ஏமாற்று இருக்க முடியும். பெரும்பாலான கேட்வேகளில் சோதனை முறை என்று ஒன்று உண்டு. அதில் உண்மையான பணம் இல்லாமலேயே “பணம் வந்தது” என்று தோன்றும். எடுத்துக்காட்டாக, ரேசர்பே நிறுவனம் இணையதளத்தோடு இணைக்கத் தரும் சாவி என்ற குறியீடு `rzp_test_` என்று தொடங்கினால் சோதனை, `rzp_live_` என்று தொடங்கினால் நிஜம். கணக்கை உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைப்பேசியிலும் நீங்களே தொடங்குங்கள். பொருத்துபவரின் பெயரில் கணக்கு இருந்தால், நாளை அவர் மறைந்தால் உங்கள் விற்பனைப் பணமும் அவரோடு போகும்.

“மெஷின் உண்மையாகவே வந்துவிட்டது. இனி கவலை இல்லையா?”

ஒரே ஒரு சோதனை மீதம் இருக்கிறது. வீட்டார் ஒருவரின் டெபிட் கார்டில் பத்து ரூபாய்க்கு ஏதாவது விற்று, வரும் சீட்டைப் படியுங்கள். மேலே உங்கள் கடையின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். வேறு கடையின் பெயர் இருந்தால், அது வேறொருவரின் மெர்ச்சன்ட் ஐடியில் ஓடும் மெஷின். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளின் பணமும் அவருக்கே போகும். பெயர் சரியாக இருந்தால், அடுத்த வேலை நாளில் அந்தத் தொகை உங்கள் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். அது வரும்வரை பெரிய தொகைக்கு மெஷினைப் பயன்படுத்தாதீர்கள்.

“ஏற்கெனவே கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?”

இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள். காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பு, அழைத்தவரிடம் சண்டை போடுவதற்கு முன்பு, முதல் வேலை இதுதான். உங்கள் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் அது இன்னும் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்க வங்கிகளுக்குச் செய்தி அனுப்புவதே இந்த ஏற்பாட்டின் வேலை. ஏடிஎம் வழியாகப் பணமாக எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது.

பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், நேரம், தொகை, அனுப்பிய யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல முறை அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் வேறு கணக்குக்குப் போயிருக்கலாம். அழைப்பின் முடிவில் கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் கொண்டு cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், எதிராளியை உடனே முடக்கிவிட்டாலும் படங்களையும் ரசீதுகளையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவிலும், ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் குற்றம். மாவட்டத்தின் சைபர் குற்றக் காவல் நிலையத்தில் அந்த ஒப்புகை எண்ணைக் காட்டுங்கள்.

ஆவணங்களும் போயிருந்தால், ஆதாரின் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வையுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரும் முழு அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

“பணம் கட்டவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது. அதற்கும் புகார் செய்யலாமா?”

செய்யலாம். sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. உங்களிடம் பலிக்காத அதே எண் இன்று மாலை பக்கத்துக் கடைக்குப் பேசிக்கொண்டிருக்கும் என்பதால், வணிகர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போட்டுவிடுங்கள்.

“வங்கி என் பணத்தைத் திருப்பித் தருமா?”

நீங்களே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகைக்கு வங்கி இழப்பீடு தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளுக்காக ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த பாதுகாப்பு, நீங்களே அனுப்பியதற்குப் பொருந்துவது கடினம். எதிராளியின் கணக்கில் நிறுத்தப்பட்ட தொகை இருந்தால், அது திரும்பக் கிடைக்கலாம். அதற்குக் காலம் ஆகும். நீங்கள் தெரிவித்த பின்னும் உங்கள் வங்கி நடவடிக்கை எடுக்கத் தவறியிருந்தால், அது வேறு விஷயம். முதலில் வங்கியிடமே புகார் செய்து, 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். “உங்கள் மெஷின் டெபாசிட் சைபர் பிரிவில் மீட்கப்பட்டிருக்கிறது, செயல்பாட்டுக் கட்டணம் 1,180 கட்டினால் இன்றே கணக்கில் ஏறும்” என்பார்கள். நீங்கள் இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். முதலில் ஏமாற்றியவர்களிடமிருந்தே அந்த விவரம் போயிருக்கும். 1930 அமைப்போ, காவல்துறையோ, நீதிமன்றமோ மீட்ட பணத்தைத் தருவதற்கு யுபிஐயில் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.